தமிழ் சப்டைட்டில்: பாதி வரிகள் சிவப்பாகவே இருக்கின்றன, எதை நம்புவது?

பனித்துளி

வணக்கம். தேனீக்களைப் பற்றி 14 நிமிட வீடியோ ஒன்று எடுத்திருக்கிறேன். பேச்சும் தமிழ், சப்டைட்டிலும் தமிழ். மென்பொருளில் வரிக்கு 42 எழுத்து, நொடிக்கு 17 எழுத்து என்று எல்லை வைத்திருந்தேன். ஆங்கில வீடியோக்களுக்கு அப்படித்தான் வைப்பார்கள் என்று எங்கோ படித்த ஞாபகம். இப்போது பாதிக்கு மேல் சிவப்பாக எரிகிறது. இதோ ஒன்று:

```
27
00:03:08,200 --> 00:03:12,200
ஆட்டத்தைப் புரிந்தே மற்ற தேனீக்கள்
பூ இருக்கும் திசையைத் தெரிந்துகொள்கின்றன.
```

இதற்கு நொடிக்கு 19 என்று காட்டுகிறது. ஆனால் நானே போட்டுப் பார்த்தால் நிதானமாகப் படிக்க முடிகிறது, படித்து முடித்த பிறகும் வரி திரையில் நிற்கிறது. என் கண்ணை நம்பவா, மென்பொருளை நம்பவா?

ஒலிவாங்கி7

எழுத்தை எண்ணுவதே தப்பு. டிவிக்காரர்கள் வார்த்தைக் கணக்குதான் வைப்பார்கள், நிமிடத்துக்கு 160 முதல் 180 வார்த்தை. உங்கள் வரியில் 8 வார்த்தை, 4 நொடி. அதாவது நிமிடத்துக்கு 120. தாராளமாக இருக்கிறது. சிவப்பை அணைத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

நாழிகை

ஒலிவாங்கி, அந்தக் கணக்கு ஆங்கில டிவிக்குச் சரி. தமிழில் வார்த்தை என்பது ரப்பர் மாதிரி. "நான் வந்த போது நீ மட்டும் ஏன் அங்கே இல்லை?" என்பதும் எட்டு வார்த்தைதான். இடைவெளி, குறி எல்லாம் சேர்த்து 28 எழுத்து. பனித்துளியின் எட்டு வார்த்தையில் 46 எழுத்து. இரண்டையும் ஒரே நேரத்தில் படித்துவிட முடியுமா? வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டிக்கொண்டே போகிற மொழியில் வார்த்தையை எண்ணிப் பயனில்லை.

பனித்துளி, உங்கள் கண்ணும் பொய் சொல்லவில்லை, மென்பொருளும் பொய் சொல்லவில்லை. அது எண்ணுவது எழுத்தை அல்ல. "கொக்கு" என்பதில் நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஆறு: க, ஒகரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறி. உயிர்க்குறியும் புள்ளியும் யூனிகோடில் தனித்தனி இடம் பிடிக்கின்றன. உங்கள் 27ஆம் வரியைக் கையால் எண்ணிப் பார்த்தேன். மென்பொருள் கணக்கில் 76, நம் கணக்கில் 46. நான்கு நொடிக்கு வகுத்தால் அது 19 என்கிறது, நாம் பதினொன்றரை என்கிறோம். எல்லா மென்பொருளும் இப்படி எண்ணுவதில்லை. உங்களுடையது எண்ணுகிறது, 19 என்ற எண்ணே அதைக் காட்டிக்கொடுக்கிறது.

சரவெடி

ஸ்ரீ போட்டால் நாலு. சாமி பேர் உள்ள வீடியோ எல்லாம் சிவப்புதான் போல.

குறுவட்டு

சும்மா எல்லையை ஏற்றி வைப்பதைவிட சரியாக எண்ணிவிடலாம். தமிழுக்கு ரொம்ப எளிது, ஒட்டுக்குறிகளைத் தள்ளிவிட்டு மீதியை எண்ணினால் போதும். பைத்தானில்:

```python
import unicodedata

def ezhuthu(s):
    return sum(unicodedata.category(c)[0] != "M" for c in s)

print(len("கொக்கு"), ezhuthu("கொக்கு"))   # 6 3
```

இடைவெளியும் நிறுத்தக்குறியும் இதில் எண்ணிக்கையில் சேரும், அது நல்லதுதான். srt கோப்பை வரிவரியாகப் படித்து, இந்த எண்ணை நேரத்தால் வகுத்து, எல்லை தாண்டியதை மட்டும் அச்சிட்டுக்கொள்கிறேன். 'ஸ்ரீ', 'க்ஷ' இரண்டும் இதில் இரண்டிரண்டு எழுத்தாக வரும். அதற்காக யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

மாடிப்பூனை

எனக்கும் இதே பிரச்சினைதான்! முதல் ஐந்து நிமிடம் அருமையாகப் பொருந்துகிறது. போகப் போக சப்டைட்டில் முந்திக்கொள்கிறது. இருபதாவது நிமிடத்தில் ஆள் வாயைத் திறப்பதற்கு ஒரு நொடி முன்னாடியே வரி வந்துவிடுகிறது. எழுத்து எண்ணிக்கையைக் குறைத்தால் சரியாகுமா?

நாழிகை

மாடிப்பூனை, அது வேறு நோய். வீடியோ 23.976 பிரேமில் ஓடுகிறது, சப்டைட்டில் செய்த இடத்தில் 24 என்று அமைத்திருப்பீர்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம், 20 நிமிடத்தில் 1.2 நொடி. கொஞ்சம் கொஞ்சமாக விலகினால் பிரேம் கணக்கு, தொடக்கத்திலிருந்தே ஒரே அளவு விலகினால் வெறும் நகர்த்தல். ஒவ்வொரு வரியாக இழுத்துச் சரிசெய்ய உட்காராதீர்கள். பிரேம் வேகத்தை மாற்றும் வசதி பெரும்பாலான சப்டைட்டில் மென்பொருள்களில் உண்டு, 24இலிருந்து 23.976க்கு மாற்றுங்கள்.

பனித்துளி

குறுவட்டு, ஓட்டிப் பார்த்தேன், அருமை. ஆனால் இப்போது எந்த எண்ணை எல்லையாக வைப்பது? எழுத்துக் கணக்கில் 17 என்று வைத்தால் ஒரு வரிகூடச் சிவக்கவில்லை. அதுவும் சந்தேகமாக இருக்கிறது.

நாழிகை

சந்தேகப்பட வேண்டியதுதான். அளவுகோலை மாற்றிவிட்டு எண்ணை மாற்றாமல் விட்டால் கதவே இல்லாத வீடு.

நான் இடைவெளியும் சேர்த்து நொடிக்கு 12 எழுத்து வரை வசதி, 14 உச்சம் என்று வைத்திருக்கிறேன். இது என் கைக்கணக்கு, யாரும் சட்டமாகப் போடவில்லை. எப்படி வந்தேன் என்றால், முன்பின் பார்க்காத இரண்டு பேரை உட்காரவைத்து, ஒலியை அணைத்துவிட்டு ஓட்டுவேன். வரி மறையும்போது "ஐயோ" என்பவர்களையும், திரும்ப ஓட்டச் சொல்பவர்களையும் குறித்துக்கொள்வேன். 14ஐத் தாண்டிய இடங்களில்தான் பெரும்பாலும் அது நடந்தது. எழுதியவரே சோதித்தால் செல்லாது பனித்துளி. உங்களுக்கு வசனம் மனப்பாடம், நீங்கள் படிப்பதில்லை, நினைவுபடுத்திக்கொள்கிறீர்கள்.

இன்னொன்று, 'க்' என்ற புள்ளி எழுத்தைப் படிக்க 'கோ'வுக்கு ஆகிற நேரம் ஆகாது. அதனால் எழுத்துக் கணக்கும் முழு நியாயம் இல்லை. மென்பொருள் கணக்கைவிடப் பரவாயில்லை, அவ்வளவுதான்.

ஒலிவாங்கி7

ஒத்துக்கொள்கிறேன், வார்த்தைக் கணக்கு தமிழுக்கு ஆகாது. ஆனால் 42 எழுத்து வரி நீளம் என்பது திரையின் அகலத்தைப் பொறுத்தது, அதில் மொழிக்கு என்ன வேலை? அதை அப்படியே வைக்கலாமே.

நாழிகை

பாதி சரி. அகலம்தான் விஷயம், அதனால்தான் 42 ஆகாது. ஆங்கிலத்தில் i மாதிரி ஒல்லி எழுத்துகள் நிறைய. தமிழில் 'ணை', 'கௌ', 'னொ' எல்லாம் ஒரே எழுத்து, ஆனால் இரண்டு மூன்று பேர் உட்காருகிற இடத்தை அடைக்கும். நம் கணக்கில் 42 எழுத்து உள்ள வரி திரையின் இரு ஓரத்தையும் முட்டும், இல்லையென்றால் எழுத்தைப் பொடியாக்க வேண்டும். நான் 28க்கு மேல் போவதில்லை. வேடிக்கை என்னவென்றால், மென்பொருளின் தவறான கணக்கில் 42 என்பது நம் கணக்கில் 25, 26 பக்கம் வருகிறது. வரி நீளத்துக்கு மட்டும் அந்தத் தவறு நமக்கு நல்லதே செய்கிறது. ஆனால் எங்கே வெட்டுவது என்பதை அதனிடம் விடக்கூடாது.

எண்ணைவிடக் கண்தான் கடைசி நீதிபதி. மிக நீளமான பத்து வரிகளைத் தேடி எடுத்து, கைபேசியில் போட்டுப் பாருங்கள். ass கோப்பாக இருந்தால் சோதனைக்கு மட்டும் தலைப்பகுதியில் இதை வையுங்கள்:

```
WrapStyle: 2
```

இப்படி வைத்தால் நீள வரி தானாக மடங்காது, திரைக்கு வெளியே ஓடும். தானாக மடங்க விட்டால் உங்கள் இரண்டு வரி மூன்றாகிவிடும், அவசரத்தில் அது கண்ணில் படாமலே போய்விடும்.

பனித்துளி

"எங்கே வெட்டுவது என்பதை அதனிடம் விடக்கூடாது" என்றதும் பகீரென்றது. சோதனையாகச் சிலருக்கு அனுப்பிய பதிப்பில் தானியங்கி வெட்டுதான் போட்டிருந்தேன். "புகை போட்டால் தேனீ மயங்கும் என்பது உண்மை இல்லை" என்று பேசியிருக்கிறேன். ஒருவர் "புகைக்கு மயங்கும் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன், நன்றி" என்று எழுதியிருந்தார். சத்தம் இல்லாமல் பார்த்திருக்கிறார். கோப்பைத் திறந்து பார்த்தால்:

```
40
புகை போட்டால் தேனீ மயங்கும் என்பது உண்மை

41
இல்லை.
```

சரவெடி

தேனீ மயங்கவில்லை, பார்த்தவர்தான் மயங்கிவிட்டார்.

குறுவட்டு

எண்ணிப் பார்த்தேன். 40ஆம் வரி சரியாக 40 குறி, "இல்லை" சேர்ந்தால் 47. 42இல் நிற்க வேண்டும் என்ற கட்டளையை மென்பொருள் ஒழுங்காக நிறைவேற்றியிருக்கிறது!

நாழிகை

தமிழில் வெட்டும்போது முதலில் பார்க்க வேண்டியது இதுதான். நம் வாக்கியத்தில் ஆமாவா இல்லையா என்பது கடைசியில்தான் தெரியும். "இல்லை", "முடியாது", "கூடாது", "மாட்டேன்" இவற்றை முன்னால் உள்ள சொல்லிலிருந்து பிரித்தால் பாதி நொடிக்காவது நேர்மாறான செய்தி திரையில் நிற்கும். அடுத்த சப்டைட்டிலுக்குத் தள்ளினால் அதுவே செய்தி.

உங்கள் வாக்கியம் நம் கணக்கில் மொத்தம் 30 எழுத்து. இரண்டு வரியாக "புகை போட்டால் தேனீ மயங்கும் என்பது" என்று மேலே, "உண்மை இல்லை." என்று கீழே. இரண்டும் ஒரே சப்டைட்டிலில். கீழ்வரி குட்டையாக இருக்கிறதே என்று சமமாக்கப் போகாதீர்கள். அழகுக்காகப் பொருளை உடைக்கக்கூடாது.

அதேபோல "வந்து கொண்டிருந்தான்" என்பதில் "வந்து" மேல்வரியில் தொங்கக்கூடாது. "பறந்து போன தேனீ" என்றால் "போன"வும் "தேனீ"யும் ஒன்றாக இருக்க வேண்டும். "என்று" எப்போதும் முன்னால் உள்ளதோடு போகும். எண்ணும் அளவும் பிரியக்கூடாது. வாய்விட்டுப் படித்தால் எங்கே மூச்சு விடுவீர்களோ அங்கே வெட்டினால் பத்தில் எட்டு இடம் சரியாக வரும்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. முடிவு கடைசியில் வருவதால், முழு வாக்கியத்தையும் ஒரே நேரத்தில் காட்டினால் பேசுபவர் சொல்லும் முன்பே பார்ப்பவருக்கு முடிவு தெரிந்துவிடும். விளக்க வீடியோவில் பாதகமில்லை. நகைச்சுவையில் சிரிப்பு முந்திவிடும். அங்கே மட்டும் வேண்டுமென்றே இரண்டாக உடைப்பேன்.

பனித்துளி

சரி, இப்போது உண்மையான சிக்கல். தேனீ வளர்ப்பவர் ஒருவர் படபடவென்று பேசுகிறார். நான்கு நொடியில் இவ்வளவும்:

```
63
00:07:21,000 --> 00:07:25,000
அதனால புகையைப் பார்த்ததும் கூட்டுல தீப்பிடிச்சிருச்சுன்னு
நினைச்சு தேனை வயிறு முட்டக் குடிச்சிடும்.
```

58 எழுத்து, நொடிக்கு பதினாலரை. மேல்வரி 33 எழுத்து. அடுத்த வரி 0.9 நொடி கழித்துத்தான் தொடங்குகிறது. எதை வெட்டுவது?

நாழிகை

வெட்டும் முன் கடன் வாங்குங்கள். அந்த 0.9 நொடி சும்மாதானே கிடக்கிறது. 25 பிரேம் வீடியோ என்றால், அடுத்த வரிக்கு இரண்டு பிரேம் முன்பு வரை, அதாவது 0.08 நொடி விட்டு, நீட்டிவிடலாம். 4.82 நொடி ஆகிறது, 58ஐ வகுத்தால் 12. வேகச் சிக்கல் அதோடு தீர்ந்தது. அந்த இரண்டு பிரேம் வெறுமை அவசியம், இல்லாவிட்டால் வரி மாறியதே கண்ணுக்குத் தெரியாது. கால் நொடி, அரை நொடி என்று வெறுமை விட்டாலும் விளக்கு மினுக்கியது போல உறுத்தும். ஒன்று இரண்டு பிரேம் விடுங்கள், இல்லையென்றால் நன்றாகவே விடுங்கள்.

முன்பக்கம் மட்டும் கடன் வாங்காதீர்கள். குரல் தொடங்கும் பிரேமிலேயே வரியும் தொடங்க வேண்டும், இரண்டு மூன்று பிரேம் முந்தினால் பரவாயில்லை. அதற்கு மேல் முந்தினால் யார் பேசுகிறார்கள் என்றே குழம்பும்.

குறுவட்டு

ஆனால் 33 எழுத்து வரி அப்படியே இருக்கிறதே. "நினைச்சு"வும் கீழே தனியாகத் தொங்குகிறது. இரண்டு சப்டைட்டிலாகப் பிரித்தால்? "நினைச்சு" வரை ஒன்று, "தேனை" முதல் இன்னொன்று.

நாழிகை

சரியான கேள்வி, நான் அவசரப்பட்டுவிட்டேன். பிரித்தால் இன்னொரு முடிச்சு விழும். அவர் "நினைச்சு" சொல்லி முடிக்கும்போது ஏறக்குறைய 2.7 நொடி ஆகியிருக்கும். இரண்டு பிரேமைக் கழித்தால் 2.6. முதல் பாதியில் 38 எழுத்து, அதாவது நொடிக்கு பதினாலரை. வாங்கிய கடன் முழுவதும் இரண்டாம் பாதிக்குப் போய்விட்டது, அங்கே 19 எழுத்து இரண்டு நொடிக்கு மேல் சோம்பலாக நிற்கும். நெருக்கடி முதல் பாதியில், காசு இரண்டாம் பாதியில்.

இங்கேதான் வெட்டு. "அதனால" என்பதை எடுத்துவிட்டால் 33 எழுத்து, நொடிக்கு 12.7. முந்தைய வரியிலிருந்தே காரணம் புரிகிறது, ஒன்றும் குறையாது.

```
63
00:07:21,000 --> 00:07:23,620
புகையைப் பார்த்ததும்
கூட்டுல தீப்பிடிச்சிருச்சுன்னு நினைச்சு

64
00:07:23,700 --> 00:07:25,820
தேனை வயிறு முட்டக் குடிச்சிடும்.
```

வாசுகி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் அம்மாவுக்குக் காது கேட்காது. சப்டைட்டிலைப் படித்துக்கொண்டே பேசுபவரின் உதட்டையும் பார்ப்பார். வாய் அசைந்திருக்கிறது, வரியில் அந்தச் சொல் இல்லை என்றால் உடனே கண்டுபிடித்துவிடுவார். "ஏதோ சொன்னான், உனக்கு எதுக்குன்னு விட்டுட்டாங்க" என்பார். கேட்கிறவர்களுக்கு "அதனால" தேவையில்லாத சொல்லாக இருக்கலாம். அதை முடிவு செய்யும் உரிமை நமக்கு எப்படி வந்தது? வேகமாக இருந்தாலும் முழுசாகப் போடுங்கள், அவர் நிறுத்திப் படித்துக்கொள்வார்.

ஒலிவாங்கி7

எல்லாரும் நிறுத்திப் படிப்பார்களா அக்கா? எழுத்துக்கூட்டிப் படிக்கிற குழந்தைகளுக்குப் பதினாலரை என்பது ஓட்டப்பந்தயம்.

வாசுகி

குழந்தைகளுக்கான வீடியோ என்றால் வேறு. இது பெரியவர்கள் பார்ப்பதுதானே தம்பி.

நாழிகை

வாசுகி சொல்வதை என்னால் தள்ள முடியவில்லை. பதினாலரை என் உச்சத்தைச் சற்றுத்தான் தாண்டுகிறது. ஒரே ஒரு வரி அப்படி ஓடினால் யாரும் விழமாட்டார்கள். தொடர்ந்து நாலைந்து வரி ஓடினால்தான் பார்ப்பவர் படத்தை விட்டுவிட்டு எழுத்தையே துரத்துவார். முன்னும் பின்னும் நிதானமான வரிகள் இருந்தால் "அதனால" இருக்கட்டும். பனித்துளி, உங்கள் வீடியோ, உங்கள் முடிவு.

பனித்துளி

வைத்துக்கொள்கிறேன். 62உம் 65உம் பத்துக்குக் கீழேதான் இருக்கின்றன.

பேச்சுவழக்கில் எழுதுவது சரியா என்றும் கேட்க நினைத்தேன். என் விவரணை எழுத்துத் தமிழ், அவர் பேசுவதை அப்படியே பேச்சுத் தமிழாக எழுதியிருக்கிறேன்.

குறுவட்டு

பேச்சுத் தமிழுக்கு நிலையான எழுத்துக்கூட்டல் கிடையாது. "தீப்பிடிச்சிருச்சுன்னு" என்பதைப் பார்த்தவுடன் அடையாளம் காண முடியாது, ஒவ்வொரு எழுத்தாக உச்சரித்தால்தான் புரியும். எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் படிக்க அதிக நேரம் ஆகும். நான் எழுத்துத் தமிழுக்கு மாற்றிவிடுவேன்.

வாசுகி

மாற்றினால் உதடு ஒன்று சொல்லும், வரி வேறொன்று சொல்லும். மறுபடியும் அதே கதை.

ஒலிவாங்கி7

"தீப்பிடித்துவிட்டது என்று" என்று எழுதினால் எழுத்தும் கூடுகிறது. பேச்சில் ஒட்டியதெல்லாம் எழுத்தில் பிரிந்துவிடும்.

நாழிகை

இதில் எனக்கும் இரண்டு மனசு. ஒரே வீடியோவில் ஒரே ஆளுக்கு ஒரே வழி என்பதை மட்டும் கடைப்பிடிக்கிறேன். "னு" என்று ஒரு வரியிலும் "என்று" என்று அடுத்த வரியிலும் வந்தால் அதுதான் மோசம்.

பனித்துளி

சொன்னபடி ஒலியை அணைத்துவிட்டு இரண்டு பேருக்குப் போட்டுக் காட்டினேன். வேகத்தைப் பற்றி ஒரே ஓர் இடத்தில்தான் "ஐயோ" வந்தது, அது 13தான். ஆனால் அங்கே திரையில் வரைபடமும் ஓடுகிறது, கண் இரண்டு இடத்துக்குப் போகிறது. அந்த வரியைச் சுருக்கிவிட்டேன். எதிர்பாராத புகார் ஒன்று வந்தது: "கிடைத்தது", "கீழே" எல்லாம் மங்கலாக இருக்கிறதாம், சில இடத்தில் புள்ளியே தெரியவில்லையாம்.

நாழிகை

எழுத்தைச் சுற்றி கறுப்பு விளிம்பு தடிமனாக வைத்திருக்கிறீர்களா? அது புள்ளியை விழுங்கும், 'கி'க்கும் 'கீ'க்கும் உள்ள ஒரே வித்தியாசமான அந்தச் சுழியையும் அடைத்துவிடும். விளிம்பைப் பாதியாக்கிவிட்டு பின்னால் லேசான கறுப்புப் பட்டை வையுங்கள். வரிகளுக்கு நடுவே இடமும் கொஞ்சம் கூட்டுங்கள். மேல்வரியின் 'கூ' காலை நீட்டி, கீழ்வரியின் புள்ளியை மிதிக்கும்.

மாடிப்பூனை

23.976 மாற்றியதும் சரியாகிவிட்டது! இரண்டு நாளாக ஒவ்வொரு வரியாக இழுத்துக்கொண்டிருந்தேன். எழுபது வரி கையால் நகர்த்தியதைத் திரும்ப நகர்த்த வேண்டுமா?

குறுவட்டு

கையால் தொடாத பழைய கோப்பு இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். இல்லையென்றால், ஆமாம்.

பனித்துளி

விளிம்பு 4இலிருந்து 2, புள்ளி எல்லாம் திரும்பி வந்துவிட்டது. கடைசியாக ஒன்று. 9ஆவது நிமிடத்தில் நானும் அவரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம், மூன்று நொடி. கோடு போட்டு ஆளுக்கு ஒரு வரி வைத்தால் நொடிக்கு 17 வருகிறது. இதில் யாரை விடுவது?

சரவெடி

உங்களைத்தான். அவருக்குத்தான் தேனீ தெரியும்.